அறுபதில் வைத்தால் ஐம்பத்திரண்டில் நிற்கிறது

பங்குனி வெயில் ஏறியதும் கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் ஒரு பேச்சு கிளம்பும்: ஷெட்டுக்குள் காற்று போதவில்லை. ஈரப்பதக் காற்றைத் தள்ளும் பெரிய ஃபேனுக்கு டிரைவ் போட்டிருக்கும் ஆலையாக இருந்தால், வைத்தியமும் உடனே கிடைத்துவிடும். "அம்பதுலதானுங்கண்ணா ஓடுது, அறுபதுல வச்சுட்டா காத்து சேத்தி வருமில்ல?" என்பார் சூப்பர்வைசர். எலெக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து, உச்ச அதிர்வெண்ணை 60 என்று மாற்றி, ஓட்டும் பட்டனை அழுத்துவார்.

சின்னத் திரையில் எண் ஏறும். 48, 49, 50. அதற்குப் பிறகு ஏற்றம் மந்தமாகி, 52.4 பக்கத்தில் எண் நின்றுவிடும். கேட்டது 60. மோட்டாரிலிருந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனத்த சத்தம். கரண்ட் எவ்வளவு என்று பார்த்தால் நேம் பிளேட்டில் போட்டிருக்கும் அளவைத் தொட்டுக்கொண்டு நிற்கும். டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று இந்த இடத்தில் பலர் முடிவு கட்டுவது உண்டு. டிரைவும் மோட்டாரும் நல்லபடியாகத்தான் இருக்கின்றன. ஐம்பதைத் தாண்டியதும் மோட்டார் வேறொரு கணக்குக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு குறிப்பிட்ட மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். பட்டறைகளில் பத்து எச்.பி. என்று சொல்லப்படும் சாதாரண மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். நேம் பிளேட்டில் 7.5 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம்., சுமார் 14 ஆம்பியர் என்று இருக்கும். தண்டைத் திருகும் பலத்துக்கு முறுக்குவிசை என்று பெயர். பட்டறையில் டார்க் என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு.

முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) = 9550 × கிலோவாட் ÷ ஆர்.பி.எம்.

7.5 கிலோவாட்டையும் 1440 ஆர்.பி.எம்.மையும் போட்டால் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் வருகிறது. நாள் முழுக்க ஓடினாலும் சூடேறிக் கெடாமல் இந்த மோட்டார் தரக்கூடிய முறுக்குவிசை இதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியைத் தண்டில் மாட்டி, அதன் நுனியில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலான எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு.

இனி டிரைவ். அதன் வேலையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். கம்பத்திலிருந்து வரும் 415 வோல்ட் ஏ.சி.யை முதலில் டி.சி.யாக்குகிறது; பெட்டிக்குள் அது சுமார் 587 வோல்ட். பிறகு அந்த டி.சி.யை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி, நாம் கேட்கும் ஹெர்ட்ஸில், அதற்குத் தக்க வோல்ட்டேஜில் மீண்டும் ஏ.சி.யாக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஹெர்ட்ஸை அது எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றும். பல டிரைவ்களில் 400 வரைகூட வைக்கலாம். வோல்ட்டேஜை அப்படி ஏற்ற முடியாது. உள்ளே வந்தது 415 என்றால் வெளியே போவதும் அதிகபட்சம் ஏறக்குறைய அவ்வளவே. கீழே வரும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு கூரைதான்.

மோட்டாருக்குள் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. அது சுழலச் சுழல, வைண்டிங்கில் ஒரு எதிர் வோல்ட்டேஜ் பிறக்கிறது. புலம் எவ்வளவு வலுவோ, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அந்த எதிர்ப்பும் அவ்வளவு பெரியது. புலத்தின் வலு மாறாமல் இருக்க வேண்டுமென்றால், ஹெர்ட்ஸ் ஏறும்போதெல்லாம் டிரைவும் வோல்ட்டேஜை அதே விகிதத்தில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். நம்முடைய மோட்டாருக்கு 415-ஐ 50-ஆல் வகுத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். டிரைவின் திரையில் வெளியீட்டு வோல்ட்டேஜைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு மெதுவாக வேகத்தைக் கூட்டினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட் பக்கம் காட்டும், 40-ல் 332, 50-ல் 415. இந்தப் பகுதி முழுக்கப் புலம் முழு வலுவோடு இருக்கிறது. ஆகவே எந்த வேகத்திலும் 50 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். (ரொம்பக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறி போதுமான காற்றைத் தராது என்பது தனி வழக்கு.)

இப்போது 51-க்குப் போகட்டும், 55-க்குப் போகட்டும், 60-க்குப் போகட்டும். ஹெர்ட்ஸ் எண் மாறும். வோல்ட் எண் 415-லேயே உட்கார்ந்திருக்கும். அந்த எண் நகராமல் நிற்கத் தொடங்கும் இடத்துக்குத்தான் அடிப்படை வேகம் என்று பெயர். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பது 6.9 வோல்ட் மட்டுமே. புலம் 83 சதவீதமாக இளைத்துவிட்டது. எதிர் வோல்ட்டேஜ் 415-ஐ மீறிவிடாமல் இருக்க, வேகம் கூடிய அளவுக்குப் புலம் குறைந்தாக வேண்டும். டிரைவ் தனியாக எதுவும் செய்யாமலே இது தானாக நடந்துவிடுகிறது.

முறுக்குவிசை பிறப்பது இரண்டின் பெருக்கலில்: புலத்தின் வலு ஒன்று, அதற்குள் ஓடும் கரண்ட் மற்றொன்று. புலம் 83 சதவீதமானால் கரண்டைக் கூட்டி ஈடுகட்டலாமே என்று தோன்றும். சில நொடிகளுக்குச் செய்யலாம். ஆனால் வைண்டிங் சூடாவது கரண்டின் இருமடிக்கு ஏற்ப. 14 ஆம்பியருக்கு என்று சுற்றப்பட்ட காயிலில் 17 ஆம்பியர் ஓடினால் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வார்னிஷ் அதைப் பல மாதம் தாங்காது. எனவே கரண்ட் 14-லேயே நிற்க வேண்டும். புலமும் இளைத்துவிட்டது, கரண்டும் ஏறக்கூடாது என்றால் முறுக்குவிசையும் 83 சதவீதம்தான். அதாவது 41 நியூட்டன் மீட்டர் சொச்சம்.

வேகம் 1.2 மடங்கு, முறுக்குவிசை 0.83 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒன்று. ஆற்றல் என்பது முறுக்குவிசையும் வேகமும் பெருக்கியதுதான் என்பதால், மோட்டார் 50-ல் தந்த அதே 7.5 கிலோவாட்டை 60-லும் தருகிறது, 75-லும் தருகிறது. வோல்ட்டேஜ் மாறவில்லை, கரண்ட் மாறவில்லை. உள்ளே போகும் மின்சாரம் கூடவில்லை என்றால் வெளியே வருவது மட்டும் எப்படிக் கூடும்? அடிப்படை வேகத்துக்கு மேலே இருக்கும் இந்தப் பகுதியை மாறா ஆற்றல் பகுதி என்கிறார்கள். பேர் கேட்க நன்றாக இருக்கிறது. வேகம் கூடக்கூட பிடி தளர்ந்துகொண்டே போகும் பகுதி என்றும் அதையே சொல்லலாம். மலை ஏறும் பஸ்ஸை முதல் கியரில் ஓட்டுவதும் சமவெளியில் டாப் கியரில் ஓட்டுவதும் ஒரே எஞ்சின்தான். வேகத்தை வாங்கினால் இழுவையைக் கொடுக்க வேண்டும். டிரைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்பதில்லை, அதனால் கொடுத்தது தெரிவதில்லை.

சரி, ஃபேன் ஏன் 52-லேயே நின்றது? மோட்டார் எவ்வளவு தரும் என்பது பாதிக் கதை. சுமை எவ்வளவு கேட்கிறது என்பது மீதி.

ஃபேன் என்பது சுமைகளிலேயே பொல்லாதது. வேகத்தை 1.2 மடங்காக்கினால் காற்று 1.2 மடங்கு வரும். அது வரைக்கும் சூப்பர்வைசர் நினைத்தது சரி. ஆனால் அந்தக் காற்றை அதே குழாய் வழியே தள்ள அழுத்தம் 1.44 மடங்காகிறது. காற்றும் அழுத்தமும் பெருகியதால் ஆற்றல் 1.2 × 1.2 × 1.2, அதாவது 1.73 மடங்கு. இந்த ஃபேன் 50 ஹெர்ட்ஸில் 6.5 கிலோவாட் வாங்கிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டால், 60-ல் அது கேட்பது 11.2 கிலோவாட். மோட்டாரிடம் இருப்பது 7.5. முறுக்குவிசையில் சொன்னால், ஃபேன் 62 நியூட்டன் மீட்டர் கேட்கிறது, மோட்டார் 41 வைத்திருக்கிறது.

இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன? 7.5-ஐ 6.5-ஆல் வகுத்து, அதன் மும்மடி மூலத்தை எடுத்தால் 1.049. ஐம்பதால் பெருக்கினால் 52.4 ஹெர்ட்ஸ். திரையில் நின்ற எண் அதுதான். கரண்ட் வரம்பு மோட்டாரின் அளவுக்கே வைக்கப்பட்டிருந்ததால், டிரைவ் அந்த எல்லையைத் தொட்டதும் மேலே ஏற மறுத்துவிட்டது. வரம்பு 150 சதவீதத்தில் வைக்கப்பட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். ஃபேன் மெல்ல மெல்ல 60-ஐத் தொட்டிருக்கும். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். சுமார் ஒரு நிமிடம் கழித்து ஓவர்லோடு என்று காட்டி டிரைவ் டிரிப் ஆகியிருக்கும். ஓவர்லோடு பாதுகாப்பையும் யாராவது தளர்த்தி வைத்திருந்தால் டிரிப் ஆகாது. அப்போது செலவு ரீவைண்டிங் கடையில்.

இந்த ஆலைக்கு உண்மையிலேயே 20 சதவீதம் கூடுதல் காற்று வேண்டுமென்றால் 11.2 கிலோவாட்டைத் தாங்கும் மோட்டாரும் டிரைவும் வேண்டும். 11 கிலோவாட் மயிரிழையில் போதாது, அடுத்த அளவு 15. ஃபேனின் இம்பெல்லர் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதா என்றும் தயாரித்தவரிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் பிளேடுகளைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசையும் 1.44 மடங்காகிறது. டிரைவுக்குப் பதில் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டினாலும் இதே 11.2 கிலோவாட்தான். ஃபேன் யார் சுற்றுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

கன்வேயர் பெல்ட் இவ்வளவு பொல்லாதது இல்லை. அது எந்த வேகத்திலும் கிட்டத்தட்ட ஒரே முறுக்குவிசையைக் கேட்கும். அதே மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் கேட்கும் கன்வேயரை ஓட்டுகிறது என்றால், 50-ஐ 40-ஆல் வகுத்து, 1.25 மடங்கு வேகம் வரை, அதாவது 62 ஹெர்ட்ஸ் வரை தயக்கமின்றிப் போகலாம். அதற்கு மேல் முடியாது.

ஆனால் ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்கு இந்தத் தளர்ச்சி குறையே இல்லை, அதற்கு வேண்டியதே அதுதான். லேத்.

ஒரு சி.என்.சி. லேத்தில் சக்கில் மாட்டிய இரும்புத் தட்டின் முகத்தை வெளி விளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சீவுகிறார்கள். டூல் முனையில் உலோகம் நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் கடந்து போக வேண்டும் என்பது கணக்கு. அதைவிடக் குறைந்தால் பரப்பு சொரசொரப்பாகும், கூடினால் இன்செர்ட் சீக்கிரம் தேயும். வெட்டு வேகம் மாறாமல் இருக்க, விட்டம் குறையக் குறையச் சுழற்சி வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும். புரோகிராமில் அதற்கான வரி இதுதான்:

```
G50 S2000
G96 S150 M03
```

இரண்டாவது வரி, வெட்டு வேகத்தை 150 மீட்டரில் பிடித்து வை என்கிறது. முதல் வரி, மையத்துக்குப் போகும்போது சுழற்சி எல்லை மீறிப் போய்விடாமல் 2000 ஆர்.பி.எம்.மில் நிறுத்து என்கிறது. அது இல்லாவிட்டால் விட்டம் பூஜ்யத்தை நெருங்கும்போது ஸ்பிண்டில் தன்னால் முடிந்த உச்சத்துக்குப் பாயும். சக்கின் பிடி தளர்ந்து ஜாப் பறக்கும் ஆபத்து அதில் இருக்கிறது.

90 மில்லிமீட்டர் விட்டத்தில் டூல் நிற்கும்போது ஸ்பிண்டில் 530 ஆர்.பி.எம்.மில் சுழல்கிறது. வெட்டும் விசை 2000 நியூட்டன் என்றால், அது மையத்திலிருந்து 45 மில்லிமீட்டர் தள்ளி இழுக்கிறது; தேவைப்படும் முறுக்குவிசை 90 நியூட்டன் மீட்டர். டூல் உள்ளே நகர்ந்து 30 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வந்ததும் வேகம் 1590-ஐத் தாண்டுகிறது. விசை அதே 2000 நியூட்டன்தான். ஆனால் மையத்திலிருந்து தூரம் 15 மில்லிமீட்டராகிவிட்டதால் முறுக்குவிசை 30 மட்டுமே. வேகம் மூன்று மடங்கு, முறுக்குவிசை மூன்றில் ஒன்று, ஆற்றல் இரண்டு இடத்திலும் 5 கிலோவாட். மோட்டாரின் மாறா ஆற்றல் கோடும் லேத்தின் தேவைக் கோடும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகின்றன.

இதனால்தான் ஸ்பிண்டில் மோட்டார்களைச் சாதாரண மோட்டார்போல வடிவமைப்பதில்லை. அடிப்படை வேகம் 1500, உச்ச வேகம் 6000 என்று ஒன்றுக்கு நான்கு விகிதத்தில் மாறா ஆற்றல் பகுதியை அகலமாக வைத்துச் செய்வார்கள். 7.5 கிலோவாட்டில் அப்படி ஒரு மோட்டாரை மூன்றுக்கு ஒன்று என்ற பெல்ட் விகிதத்தில் ஸ்பிண்டிலோடு இணைத்தால், ஸ்பிண்டில் 500-லிருந்து 2000 ஆர்.பி.எம். வரை முழு ஆற்றலோடு வேலை செய்யும். மேலே சொன்ன 530-ல் கிடைப்பது 135 நியூட்டன் மீட்டர், 1590-ல் 45. இரண்டு இடத்திலும் தேவை, கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு. 500-க்குக் கீழே போனால்தான் சிக்கல்: அங்கே முறுக்குவிசை 143-க்கு மேல் ஏறாது, ஆகவே ஆற்றல் குறைந்துகொண்டே வரும். பெரிய விட்டமுள்ள ஜாப்பில் ஆழமாக வெட்டு எடுக்கும்போது லேத் திணறி நிற்பது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பகுதியில்தான். கனரக லேத்துகளில் கியர் பெட்டி இன்னும் விட்டுப்போகாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே.

ரயில் எஞ்சினும் இதே சாதி. சித்தரஞ்சனில் தயாராகும் டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினின் ஆற்றல் 4500 கிலோவாட். அசையாமல் நிற்கும் சரக்கு வண்டியை நகர்த்தும்போது அது சுமார் 460 கிலோநியூட்டன் விசையில் இழுக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே 4500 கிலோவாட்டில் கிடைக்கும் இழுவிசை 324 கிலோநியூட்டன். 100 கிலோமீட்டரில் 162. பாதி வேகத்தில் இருந்த இழுவை, வேகம் இரட்டித்ததும் நேர்பாதியாகிவிடுகிறது. வண்டியைக் கிளப்பத்தான் அசுர பலம் வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு அவ்வளவு வேண்டாம் என்பதால் ரயில்வேக்கு இந்தப் பேரம் லாபமே.

இவ்வளவு தூரம் வந்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். ஆற்றல் மாறாது என்றால் 200 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கலாமா? பேரிங், பேலன்ஸ் எல்லாம் தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும் முடியாது. இங்கே இரண்டாவதாக ஒரு கோடு குறுக்கே வருகிறது.

ஒவ்வொரு இண்டக்‌ஷன் மோட்டாருக்கும் அது கழன்று விழும் முறுக்குவிசை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் சுமை ஏற்றினால் ரோட்டார் புலத்தைத் தொடர முடியாமல் பின்தங்கி, வேகம் சரிந்து நின்றுவிடும். சாதாரண மோட்டாரில் இது முழுச் சுமையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும். நம் மோட்டாருக்கு 125 நியூட்டன் மீட்டர் என்று கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் வரை இந்த உச்சம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் போனால் இது வேகத்துக்கு ஏற்ப அல்ல, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. புலம் இளைப்பது ஒரு பங்கு. ஹெர்ட்ஸ் கூடும்போது வைண்டிங்கே கரண்டுக்குக் கூடுதல் தடை போடுவது மறு பங்கு. இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

75 ஹெர்ட்ஸில் மாறா ஆற்றல் கணக்குப்படி 33 நியூட்டன் மீட்டர் வேண்டும். உச்சம் 55 இருக்கிறது, கவலை இல்லை. 100 ஹெர்ட்ஸில் வேண்டியது 25. உச்சம் 31-க்கு வந்துவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான். 125 ஹெர்ட்ஸில் வேண்டியது 20. உச்சமும் அதே 20. மோட்டார் கத்திமுனையில் நிற்கிறது. வோல்ட்டேஜ் ஒரு துளி இறங்கினாலும் கழன்றுவிடும். மாறா ஆற்றல் என்ற பெயர் அங்கேயே செல்லாததாகிவிடுகிறது. அதற்கு மேல் ஆற்றலே சரியத் தொடங்கும். நடைமுறையில் 30 சதவீதமாவது மிச்சம் வேண்டும் என்பதால், இந்த மோட்டாரை 95 ஹெர்ட்ஸுக்கு மேல் முழு ஆற்றலோடு நம்பக்கூடாது. கம்ப வோல்ட்டேஜ் 415-க்குப் பதில் 380-க்கு இறங்கும் மாலை வேளைகளில் இந்த எல்லை இன்னும் கீழே வரும். பகலில் ஒழுங்காக ஓடும் இயந்திரம் சாயங்காலம் மட்டும் டிரிப் ஆகிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிரைவுக்குள் இருக்கும் டி.சி. வோல்ட்டேஜை.

ஓடும் இயந்திரம் தளர்ந்த புலத்தில் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். சுமையைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டி கரண்டைக் கவனித்தால் போதும். 50 ஹெர்ட்ஸ் வரை அது ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதற்கு மேல் போனால் குறையத் தொடங்கும், ஏனெனில் புலத்தைக் கட்டிவைக்கும் கரண்ட் குறைகிறது. இந்தச் சோதனை இன்னொரு கோளாறையும் காட்டிக்கொடுக்கும், அது பட்டறைகளில் அடிக்கடி நடப்பது.

டிரைவில் உச்ச அதிர்வெண் என்று ஒரு அமைப்பு இருக்கும், அடிப்படை அதிர்வெண் என்று வேறொன்று இருக்கும். 60-ல் ஓட்ட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து 60 ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டிரைவ் 415 வோல்ட்டை 60-ல்தான் தரும்; 50-ல் 346 வோல்ட்தான் வரும். கீழிருந்து மேல்வரை எல்லா வேகத்திலும் புலம் 83 சதவீதம். இதுவரை 50-ல் சுகமாக ஓடிய கன்வேயர்கூட அன்றிலிருந்து முனகும். தப்பு எதிர்த் திசையில் நடந்து அடிப்படை அதிர்வெண் 40 என்று ஆகிவிட்டால், புலம் அளவுக்கு மீறி இரும்பு நிறைந்துபோய், சுமையே இல்லாமலும் மோட்டார் ரீங்காரமிட்டுக்கொண்டு சூடாகும். அடிப்படை அதிர்வெண்ணும் வோல்ட்டேஜும் நேம் பிளேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மாற்றலாமென்றால் உச்சத்தை மட்டும்.

வோல்ட்டேஜ் கூரையைத்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்றோம். அந்தக் கூரையைத் தந்திரமாக உயர்த்த ஒரு வழி இருக்கிறது. சிறிய மோட்டார்கள் சிலவற்றின் நேம் பிளேட்டில் ஸ்டாரில் 415, டெல்டாவில் 240 வோல்ட் என்று இரண்டும் போட்டிருக்கும். வழக்கமாக ஸ்டாரில் இணைப்பார்கள். அதே மோட்டாரை டெல்டாவில் இணைத்து 415 வோல்ட் டிரைவில் மாட்டினால், 50 ஹெர்ட்ஸுக்கு 240 வோல்ட் போதும். கையில் இன்னும் 175 வோல்ட் மிச்சம். விகிதம் மாறாமல் ஏற்றிக்கொண்டே போனால் 415-ஐத் தொடும்போது 87 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதுவரை புலம் இளைக்காது, முறுக்குவிசை குறையாது, ஆற்றல் 1.73 மடங்காகிறது. ஒன்றரைக் கிலோவாட் மோட்டாரிடமிருந்து இரண்டரைக்கு மேல் வாங்கலாம். இனாமாக எதுவும் இல்லை: டெல்டாவில் கரண்ட் 1.73 மடங்கு என்பதால் டிரைவ் அந்த அளவுக்குப் பெரியதாக வேண்டும், மோட்டாரின் பேரிங்கும் பேலன்ஸும் 2500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றதா என்றும் கேட்டாக வேண்டும். நம்முடைய பத்து எச்.பி. மோட்டாருக்கு இந்த வித்தை செல்லாது. அது 415-க்கே டெல்டாவில்தான் இணைக்கப்பட்டிருக்கும்.

டிரைவ்கள் வருவதற்கு முன்பும் புலத்தை இளைக்கச் செய்து வேகம் வாங்கும் பழக்கம் இருந்தது. டி.சி. மோட்டார்களில் புலத்துக்கென்று தனி வைண்டிங் உண்டு. அதன் கரண்டை ஒரு ரெசிஸ்டரால் குறைத்தால் மோட்டார் வேகம் பிடிக்கும். ஹாரி வார்ட் லியோனார்ட் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய முறையில் பேப்பர் மில், ரோலிங் மில் எல்லாம் அடிப்படை வேகத்துக்கு மேல் இப்படித்தான் ஓடின. அதில் ஒரு பயங்கரம் உண்டு. புல வயர் அறுந்துவிட்டால் புலம் ஏறக்குறைய இல்லாமல் போய், சுமையில்லாத மோட்டார் தறிகெட்டு வேகமெடுக்கும். ஆர்மேச்சர் சுற்றுகள் பிய்ந்து வெளியே வந்துவிடும். அதற்காகவே புலம் போனால் மெயினை வெட்டும் ரிலேயை மாட்டி வைப்பார்கள். இண்டக்‌ஷன் மோட்டாரில் அந்த ஆபத்து இல்லை. டிரைவ் அனுப்பும் ஹெர்ட்ஸைத் தாண்டி அது தானாக ஓடாது.

ஆகவே டிரைவில் 50 என்ற எண்ணைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். 50 ஹெர்ட்ஸில் இயந்திரம் இப்போது எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்று டிரைவின் திரையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன், பம்ப் என்றால் வேக விகிதத்தை மூன்று முறை பெருக்குங்கள். கன்வேயர் என்றால் ஒரு முறை. விடை நேம் பிளேட்டில் உள்ள கிலோவாட்டைத் தாண்டினால் அந்த எண்ணைத் தொடாதீர்கள். பெரிய மோட்டாருக்கு விலை கேளுங்கள்.